ஏழு குவளை மழை

சென்ற இதழில், வீட்டிலேயே மழைமானி வைத்து மழை அளந்துவரும் வாசகர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். அதில் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் குறிப்பேட்டிலிருந்து நவம்பர் மாதத்து எண்களை வாங்கி, ஒரு வரைபடமாக்கிப் போட்டோம். நீல நிறத்தில், மேடும் பள்ளமுமாக, பார்க்க அழகான ஒரு கோடு. இதழ் கைக்குப் போன நான்காம் நாள் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. மூன்றே வரி. "படம் நன்றாக இருக்கிறது. ஆனால் அது என் மழை இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இங்கே ஒரு சொட்டுக்கூட விழவில்லை. உங்கள் கோட்டில் இரண்டு நாளும் 20 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது."

அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தேன். "டீச்சர், உங்கள் எண்களைத்தானே அப்படியே போட்டோம்?" என்றேன். "அப்படியே போடலையே தம்பி. குறிப்பேட்டை எடுத்து வச்சுக்கிட்டுப் பேசுங்க" என்றார். எடுத்து வைத்துக்கொண்டு பேசினோம். அவர் சொன்னது சரி. தவறு எங்களுடையது. அதை ஒரு வரித் திருத்தமாகப் போட்டு முடித்துவிட மனம் வரவில்லை. தினசரி மழையையும் வெயிலையும் வரைபடமாகப் பார்க்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதற்குள் இருக்கிறது. இந்த மாதம் ஆசிரியர் பக்கம் முழுவதும் அதற்குத்தான்.

முதலில் அந்த வாரம் அவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். திங்கள் இரவு மழை பிடித்தது, விடியும்வரை விடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை சரியாக 8.30 மணிக்கு, வழக்கம்போல, அவர் மழைமானியைத் திறந்தார். மேலே வட்டமான வாய், அதன் கீழே புனல், புனலுக்கு அடியில் தண்ணீர் சேரும் போத்தல். வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். அந்த அளவு வாய்க்கு 1 மி.மீ. மழை என்பது 20 மில்லிலிட்டர் தண்ணீர். அவரிடம் இருப்பது 20 மி.மீ. வரை கோடு போட்ட கண்ணாடிக் குவளை. அன்று போத்தலில் இருந்த தண்ணீரை ஏழு முறை குவளை நிரம்ப அளந்து ஊற்றினார். 140 மி.மீ. கிட்டத்தட்ட மூன்று லிட்டர் தண்ணீர். செவ்வாய்க்கிழமைக்கு நேரே 140.0 என்று எழுதினார். அதற்கு முந்தைய ஆறு நாளுக்கும் பிந்தைய ஆறு நாளுக்கும் நேரே 0.0 என்று இருக்கிறது.

இப்போது எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். மாதம் முழுவதற்கும் கோடு போட்டுப் பார்த்தால், தரையோடு தரையாகப் போய், திடீரென்று ஊசிபோல் எழுந்து, மீண்டும் தரைக்கு விழுகிறது. ஊசிகள் கண்ணை உறுத்துகின்றன என்று எங்கள் வடிவமைப்பாளர் நினைத்தார். கணினியில் '7 நாள் நகரும் சராசரி' என்ற வசதியைப் போட்டார். கோடு வழவழப்பாயிற்று. பழைய கோட்டை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் வைத்தார். நானும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன்.

நகரும் சராசரி என்றால் என்ன? ரயில் ஜன்னல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலுக்குள் ஒரே நேரத்தில் ஏழு நாள்தான் தெரியும். அந்த ஏழு நாளின் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, நடுவில் இருக்கும் நாளுக்கு நேரே ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு ஜன்னல் ஒரு நாள் நகரும். பின்னால் ஒரு நாள் மறையும், முன்னால் ஒரு நாள் புதிதாகத் தெரியும். மீண்டும் கூட்டு, வகு, புள்ளி வை. புள்ளிகளை இணைத்தால் சீராக்கிய கோடு கிடைக்கும்.

டீச்சரின் வாரத்தில் இதைச் செய்து பாருங்கள். சனிக்கிழமையை நடுவில் வைத்தால் ஜன்னல் புதன் முதல் செவ்வாய்வரை விரிகிறது. செவ்வாயின் 140 ஜன்னலின் ஓரத்தில் வந்துவிட்டது. 140ஐ ஏழால் வகுத்தால் 20. ஆகவே சனிக்கு நேரே 20. ஞாயிறை நடுவில் வைத்தாலும் அதே 140 உள்ளே இருக்கிறது, அதற்கும் 20. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று ஏழு நாளுக்கும் 20, 20, 20. அடுத்த சனியன்று 140 ஜன்னலைவிட்டு வெளியே போகிறது. கோடு சட்டென்று விழுகிறது. அவர் ஒரே காலையில் ஊற்றிய ஏழு குவளைத் தண்ணீரை நாங்கள் நாளுக்கு ஒரு குவளையாகப் பங்கிட்டு ஒரு வாரம் முழுக்க ஊற்றிவிட்டோம். மழை வருவதற்கு முன்பே மூன்று குவளை!

மொத்தம் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். 140 அப்படியே இருக்கிறது. மாறியது அதன் உருவம். ஊசி, மேல்பக்கம் தட்டையான மேசையாகிவிட்டது. மேசையின் அகலம் சரியாக ஏழு நாள், அதாவது நாம் எடுத்துக்கொண்ட ஜன்னலின் அகலம். எங்காவது ஒரு வரைபடத்தில் இப்படி இருபுறமும் செங்குத்தாக, மேலே தட்டையாக ஒரு மேடு தெரிந்தால், அது ஒரு வாரத்து மழையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே நாளின் பெரிய எண், ஜன்னலுக்குள் வந்து போயிருக்கிறது. இந்த ஓர் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் இதற்கு வருவேன்.

சென்ற இதழில் அதே பக்கத்தில் வெப்பநிலைக்கும் ஒரு வரைபடம் இருந்தது. அதையும் இதே முறையில்தான் சீராக்கியிருந்தோம். அதைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் இடமில்லை. ஒரே கணக்கு ஓரிடத்தில் பொருந்தி இன்னோரிடத்தில் பொருந்தாமல் போனதற்கு, அளக்கப்படும் பொருளின் குணமே காரணம்.

சென்னையின் மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். பகலின் உச்ச வெப்பநிலையைப் பெரிதும் தீர்மானிப்பது கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதுதான். முற்பகலிலேயே வந்துவிட்டால் 36, 37 டிகிரியோடு போகும். மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று அதைத் தடுத்து நிறுத்திவிட்டால் 41ஐத் தொடும். இப்படி நாளுக்கு நாள் இரண்டு மூன்று டிகிரி ஏறி இறங்கும். அந்த ஆட்டத்துக்கு அடியில், கத்திரி வெயில் ஏறுகிறதா தணிகிறதா என்ற மெதுவான நகர்வு ஒன்று இருக்கிறது. நமக்கு வேண்டியது அது. சராசரிக்கு மேலே இரண்டு டிகிரி போன நாளும் கீழே இரண்டு டிகிரி போன நாளும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால், ஏழு நாளைக் கூட்டி வகுக்கும்போது ஆட்டம் அடங்கி நகர்வு தெரிகிறது. ஆசாரி இழைப்புளியால் பலகையை இழைக்கும்போது சிராய் போய் மரத்தின் ரேகை தெரிவதுபோல.

மழைக்கு இந்தக் குணம் இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே மழை கிடையாது. பெரும்பாலான நாள் பூஜ்யம், சில நாள் சிறு தூறல், ஒன்றிரண்டு நாள் கொட்டித் தீர்க்கும். 140ஐச் சரிக்கட்ட மைனஸ் 140 என்று எதுவும் வராது. எனவே சராசரி, ஆட்டத்தை அடக்குவதற்குப் பதிலாகப் பெருமழையைக் கரைத்துப் பக்கத்து நாள்களின்மேல் பூசுகிறது. கிடைக்கும் 20 என்ற எண், அந்த வாரத்தில் எந்த ஒரு நாளும் பெய்யாத மழை.

வெப்பநிலைக் கோட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்கும்படி, மே மாதத்தில் பார்க்கக்கூடிய எண்களாக ஒரு வாரத்தை எழுதுகிறேன்: 36, 38, 37, 41, 38, 37, 39. கூட்டினால் 266. ஏழால் வகுத்தால் சரியாக 38. எட்டாம் நாள் 37 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். முந்தைய நாள் 39. இன்று இரண்டு டிகிரி தணிந்திருக்கிறது. கோடு இறங்க வேண்டும் என்றுதானே தோன்றுகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜன்னலைவிட்டு வெளியேறுவது முதல் நாளின் 36. உள்ளே வருவது 37. கூட்டுத்தொகை 267. சராசரி 38.1. வெயில் தணிந்த நாள் உள்ளே வந்ததும் கோடு ஏறுகிறது!

இதில் பிழை ஒன்றுமில்லை. நகரும் சராசரி ஏறுவதும் இறங்குவதும் இன்றைய நாளை மட்டும் பொறுத்தது அல்ல. உள்ளே வந்த நாளுக்கும் வெளியே போன நாளுக்கும் உள்ள வித்தியாசம், அதில் ஏழில் ஒரு பங்கு. அவ்வளவுதான் கோட்டின் அசைவு. அதனால்தான் 140 மி.மீ. மழை ஜன்னலைவிட்டுப் போன நாளில், வானத்தில் ஒன்றுமே நடக்காதிருந்தும், கோடு பள்ளத்தில் விழுந்தது. சீராக்கிய கோட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் "இன்று என்ன நடந்தது?" என்று காரணம் தேடப் போனால் ஏமாந்துபோவோம். பல வளைவுகளுக்குக் காரணம் சில நாள்களுக்கு முன்னால் இருக்கும்.

அடுத்து, புள்ளியை எந்த நாளுக்கு நேரே வைப்பது என்ற கேள்வி. கணினியில் அட்டவணை போடுகிறவர்களுக்கு இது உடனே பயன்படும். A பத்தியில் தேதி, B பத்தியில் அளவு, முதல் வரிசையில் தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏழு நாளின் சராசரிக்கான சூத்திரம் இது:

```
=AVERAGE(B2:B8)
```

இதை C5 கட்டத்தில் எழுதினால் நான்காம் நாளுக்கு, அதாவது ஏழு நாளின் நடுவுக்கு, நேரே வரும். C8 கட்டத்தில் எழுதினால் ஏழாம் நாளுக்கு, அதாவது கடைசி நாளுக்கு, நேரே வரும். எண் ஒன்றுதான், இடம் வேறு. கீழே இழுத்து நிரப்பினால் இரண்டு கோடுகளும் அச்சு அசலாக ஒரே வடிவம், ஆனால் மூன்று நாள் தள்ளித் தள்ளி நிற்கும். வெயில் எந்தத் தேதியில் உச்சத்துக்குப் போனது என்று பார்க்க, நடுவில் வைத்த கோடுதான் சரி. கடைசியில் வைத்த கோடு எந்த உச்சத்தையும் மூன்று நாள் தாமதமாகவே சொல்லும். எக்செலில் வரைபடத்தின்மேல் நேரடியாக நகரும் சராசரிக் கோட்டைச் சேர்த்தால், அது கடைசி நாளுக்கு நேரேதான் வைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நடுவில் வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. மாதத்தில் 30 நாள் இருந்தால் முதல் மூன்று நாளுக்கும் கடைசி மூன்று நாளுக்கும் ஏழு நாள் ஜன்னல் நிரம்பாது. 24 புள்ளிதான் கிடைக்கும். கோடு மாத இறுதிக்கு முன்பே நின்றுபோவது பார்க்கக் குறையாகத் தெரியும். அதை மறைக்க, கடைசி நாள்களுக்கு ஐந்து நாள், நான்கு நாள் என்று கிடைத்ததை வைத்துச் சராசரி போட்டு இழுத்துவிடுவார்கள். அந்த வால்பகுதி மட்டும் அதிகமாக ஆடும். புதிய எண்கள் வந்ததும் மாறிவிடும். வாசகர் கண்ணோ முதலில் போவது அந்தக் கடைசி முனைக்குத்தான். ஆகவே கோடு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

தேதி விஷயத்தில் டீச்சர் இன்னொன்றையும் நினைவூட்டினார். அவர் வீட்டில் மழை பெய்தது திங்கள் இரவு. எழுதியது செவ்வாய்க்கு நேரே. வானிலை ஆய்வுத் துறையின் வழக்கமும் அதுதான். காலை 8.30க்கு அளந்து, அதுவரையான 24 மணிநேர மழையை அளந்த நாளின் தேதியில் பதிவார்கள். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி சென்னையைப் புரட்டிப்போட்ட மழை, நுங்கம்பாக்கம் கணக்கில் 2ஆம் தேதி காலைப் பதிவாக 294 மி.மீ. என்று இருப்பது இதனால்தான். சராசரி போடுவதற்கு முன்பே ஒரு நாள் நகர்வு அதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து யோசிக்காவிட்டால், செய்தித்தாளின் தேதியும் வரைபடத்தின் தேதியும் ஒத்துப்போகவே போகாது.

இனி, அந்தத் தட்டை மேசைக்குத் திரும்புவோம். அசல் கோட்டை நீக்கிவிட்டுச் சீராக்கிய கோட்டை மட்டும் அச்சிட்டதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. ஏன் என்று ஒரு சின்னப் பிழையை வைத்துக் காட்டுகிறேன். வெப்பநிலை எண்களைத் தட்டச்சு செய்யும்போது 38 என்பது 83 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைதவறி எண் இடம் மாறுவது அன்றாடம் நடப்பதுதான். அசல் கோட்டில் அது தாளைவிட்டு வெளியே போகும் ஊசியாக நிற்கும், சின்னக் குழந்தைகூட "இது என்ன?" என்று கேட்கும். ஏழு நாள் சராசரியில் 45 டிகிரி அதிகம் ஏழாகப் பிரிந்து, நாளுக்கு 6.4 டிகிரியாக ஏறும். 38இல் ஓடிக்கொண்டிருந்த கோடு ஒரு வாரம் 44.4இல் ஓடும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. அதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு 44.4 நம்பக்கூடிய எண். நம்பவே முடியாத ஒரு பிழையை, சராசரி நம்பத்தகுந்த செய்தியாக மாற்றிவிட்டது. "ஒரு வாரம் கடும் வெப்பம்" என்று நாம் தலைப்பே போட்டிருப்போம். காட்டிக்கொடுப்பது மேட்டின் தட்டையான மேல்பக்கமும் ஏழு நாள் அகலமும்தான். அசல் கோடு பக்கத்தில் இருந்தால் அந்த ஆராய்ச்சியே தேவையில்லை; பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

விடுபட்ட நாள்களிலும் இதே ஆபத்து இருக்கிறது. அளக்காத நாளின் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டால், 38 டிகிரி ஓடும் வாரத்தில் சராசரி 32.6க்கு இறங்கும்; நல்ல மழை பெய்த வாரம்போல் இருக்கும். கட்டத்தை வெறுமையாக விட்டால் மேலே சொன்ன சூத்திரம் அந்த நாளைச் சேர்க்காமல் மீதி ஆறு நாளுக்குச் சராசரி போடும். வெப்பநிலைக்கு அது போதும். மழைக்கு இன்னும் கவனம் வேண்டும். டீச்சர் ஒரு முறை மகள் வீட்டுக்கு இரண்டு நாள் போய்வந்தார். திரும்பிய காலை போத்தலில் இருந்தது மூன்று நாளின் மழை. அவர் அந்த நாளுக்கு நேரே 33.0 என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் "3 நாள்" என்று குறித்திருக்கிறார். முந்தைய இரண்டு நாளுக்கும் கோடு மட்டும் போட்டிருக்கிறார்; பூஜ்யம் எழுதவில்லை. "பூஜ்யம்னா நான் பார்த்தேன், மழை இல்லைன்னு அர்த்தம். கோடுன்னா நான் பார்க்கலைன்னு அர்த்தம். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்று கேட்டார். நாற்பது வருடம் வகுப்பெடுத்தவரின் குரல் அது. எங்கள் அட்டவணையில் அந்தக் கோடுகளைப் பூஜ்யமாகத்தான் தட்டியிருந்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஏன் ஏழு நாள், ஏன் பதினைந்தோ முப்பதோ இல்லை என்று சிலர் கேட்கலாம். நாம் பார்க்க விரும்பும் நிகழ்வு எத்தனை நாள் நீடிக்கும் என்பதிலிருந்து அதைத் தீர்மானிக்க வேண்டும். வெப்ப அலையை எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் குறைந்தது 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ கூடி, அது இரண்டு நாள் தொடர்ந்தால் வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையாகக் கணக்கில் எடுக்கும். 38இல் ஓடும் ஊரில் இரண்டு நாள் 43 என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாள் சராசரியில் அந்த இரண்டு நாளும் சேர்ந்து கோட்டை 39.4வரைதான் ஏற்றும். வயலில் வேலை செய்பவர் மயங்கி விழுந்த அந்த இரண்டு நாள், கோட்டில் ஒரு சிறு மேடாகப் போய்விடும். முப்பது நாள் ஜன்னலில் அந்த மேடும் இருக்காது. ஜன்னல், பார்க்கப்போகும் நிகழ்வைவிட அகலமாக இருந்தால் நிகழ்வு கரைந்துவிடும். பருவம் மாறுவதைப் பார்க்க முப்பது நாள் ஜன்னல் நல்லது. வெப்ப அலையைப் பார்க்க அசல் கோடுதான் நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டு, மழைக்குச் சராசரியே கூடாதோ என்று நினைத்துவிட வேண்டாம். மழையைச் சீராக்கியே தீர வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. "டிசம்பர் 2ஆம் தேதி சென்னையில் வழக்கமாக எவ்வளவு மழை பெய்யும்?" என்று கேட்டால் என்ன செய்வோம்? 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகளில் அந்தத் தேதியில் பதிவான மழையைக் கூட்டி 30ஆல் வகுப்போம். அந்த முப்பதில் ஒன்று 2015. அன்றைய 294 மி.மீ. ஒன்று மட்டுமே அந்தத் தேதியின் வழக்கமான மழையில் 9.8 மி.மீ. சேர்த்துவிடும். மற்ற 29 ஆண்டுகளும் வறண்டிருந்தால்கூட, டிசம்பர் 2 பெருமழை நாள் என்று அட்டவணை சொல்லும். டிசம்பர் 1ஐவிடவும் 3ஐவிடவும் 2ஆம் தேதிக்கு வானம் தனியாகச் சலுகை காட்டக் காரணமே இல்லை. ஒரு புயல்சின்னம் எந்தத் தேதியில் கரையை நெருங்கியது என்ற தற்செயல் அது. இங்கே ஏழு நாள் சராசரி போட்டால் அந்த 9.8, நாளுக்கு 1.4ஆகப் பக்கத்து நாள்களுக்குப் பரவும். இன்னும் அகலமான ஜன்னல் போட்டால், அக்டோபர் நடுவில் ஏறி, நவம்பரில் உயர்ந்து, டிசம்பர் கடைசியில் தணியும் வடகிழக்குப் பருவமழையின் உருவம் துலங்கும்.

டீச்சரின் குறிப்பேட்டில் தவறாகப் போன அதே கணக்கு இங்கே சரியாகிறது. காரணம், கேள்வி மாறிவிட்டது. இந்த ஆண்டு என்ன நடந்தது என்று கேட்டால் ஒவ்வொரு நாளுக்கும் அதன் மழை அதனிடமே இருக்க வேண்டும். எல்லா ஆண்டும் சேர்ந்து வழக்கம் என்ன என்று கேட்டால், ஒரு நாளின் தற்செயலைப் பக்கத்து நாள்கள் பகிர்ந்துகொள்ளலாம். 294 மி.மீ. மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவரிடம் போய், "உங்கள் வாரச் சராசரியில் அன்றைய பங்கு நாளுக்கு 42 மி.மீ.தான்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அவர் வீட்டுக்குள் வந்தது ஒரு நாள் மழை.

திருத்திய வரைபடத்தை எதிர்ப்பக்கத்தில் பாருங்கள். மேல்பாதி மழை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தூண். செவ்வாயின் தூண் 140வரை தனியாக நிற்கிறது. சிவப்பு மையில் குறித்த மூன்று நாள் மழைக்கு, மூன்று நாள் அகலத்தில் கோடிட்ட ஒரே தூண். அதோடு ஒரு தனிக்கோடு ஓடுகிறது: அன்றுவரையான ஏழு நாளின் மொத்த மழை. சராசரியை விட்டுவிட்டு மொத்தத்தை எடுத்துக்கொண்டோம். '7 நாளில் 140' என்று இருந்தால் அதை ஒரு நாள் மழையாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏரியும் கிணறும் அறிவதும் இந்த மொத்தத்தைத்தான். இதை நடுநாளில் வைக்காமல் கடைசி நாளில் வைத்திருக்கிறோம். இனிமேல் பெய்யப்போகும் மழையால் எந்த ஏரியும் இன்று நிரம்புவதில்லை அல்லவா?

கீழ்பாதி வெப்பநிலை. சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு, அன்றன்றைய அளவு. அதன்மேல் அடர்த்தியான சிவப்புக் கோடு, நடுவில் வைத்த ஏழு நாள் சராசரி. சிவப்புக் கோடு இரண்டு ஓரத்திலும் மூன்று மூன்று நாள் குறைவாக நிற்கும். அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். எத்தனை நாள் சராசரி, எந்த நாளில் புள்ளி, எத்தனை மணிக்கு அளந்தது என்ற மூன்றும் படத்துக்குக் கீழே ஒரு வரியில் இருக்கிறது. இனி நம் இதழில் வரும் எந்த வானிலை வரைபடத்திலும் அந்த வரி இருக்கும். சீராக்கிய கோடு அசல் அளவு இல்லாமல் தனியாக வராது.

அச்சுக்குப் போகும் முன் இந்தப் பக்கத்தின் நகலை டீச்சருக்கு அனுப்பினேன். குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு நாள் நாளாக ஒப்பிட்டிருக்கிறார் போலும். அரை மணிநேரம் கழித்துத்தான் அழைத்தார். "செவ்வாய்க்கிழமை வந்துடுச்சு தம்பி. சனி, ஞாயிறு காய்ஞ்சு கிடக்கு. இப்ப இது என் மழை" என்றார்.

மழைக் குறிப்பேடு வைத்திருக்கும் வாசகர்கள், இந்தப் பருவத்தின் எண்களை எங்களுக்கு அனுப்பலாம். அளந்த நேரத்தையும் மழைமானி வாயின் அளவையும் எழுதுங்கள். ஊரில் இல்லாத நாள்களுக்குப் பூஜ்யம் போடாமல், டீச்சர் செய்வதுபோலக் கோடு போட்டு அனுப்புங்கள். அந்தக் கோடுகளை இம்முறை நாங்கள் கோடுகளாகவே வைத்திருப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்